பதினாறு கேன் தண்ணீர்

அந்தமானின் ஹேடோ துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற ஹரிஹரனின் மீன் கிடங்கில், அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து, எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் சந்திரமதி ஓர் இடத்தில் நிற்கவில்லை. உள்ளே போய் அறையின் சூட்டைப் பார்ப்பாள், வெளியே வந்து குழாயின் ஓட்டத்தைக் காட்டும் மீட்டரைப் பார்ப்பாள், மறுபடி உள்ளே போவாள். கால் வலித்தது. வலித்தால் என்ன, உட்கார்ந்தால் மனசு அதைவிடப் படுத்தும்.

உள்ளே ஐந்து டன் சூரை மீன் கிடந்தது. வியாழக்கிழமை கப்பலில் சென்னைக்குப் போக வேண்டிய சரக்கு. மீனின் நடுச்சதை நாலு டிகிரியைத் தாண்டினால் வாங்குகிறவன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான், அப்படியே திருப்பி அனுப்பிவிடுவான். அறை ஒரு டிகிரியில் இருக்க வேண்டும். இருந்ததோ ஆறில். மீன் இரண்டரைக்கு வந்துவிட்டது, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

கிடங்கின் குளிர் எல்லாம் வெளியே சிமென்ட் மேடையில் நிற்கும் சில்லரிலிருந்து வருகிறது. கிளைக்கால் என்கிற உறையவிடாத திரவம் கலந்த தண்ணீரை அந்த எந்திரம் மைனஸ் ஆறு டிகிரிக்குக் குளிரவைக்கும். பம்ப் அதை முற்றத்துக் குழாய்கள் வழியாக அறைக்குள்ளே இருக்கும் குழாய்ச் சுருளுக்கு, அதாவது காயிலுக்குத் தள்ளும். காயிலுக்குப் பின்னால் ஃபேன் சுற்றும், அறை குளிரும், சூடேறிய கலவை ஒரு டாங்கு வழியாகத் திரும்பி சில்லருக்கே வரும். அந்தமானில் யாருக்கு எது உறையப் போகிறது என்று கேட்கலாம். ஊர் உறையாதுதான், ஆனால் சில்லரின் வயிற்றுக்குள் மைனஸ் பன்னிரண்டு. வெறும் தண்ணீர் அங்கே போனால் ஐஸாகி, தகடுகளைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதனால்தான் கிளைக்கால். எவ்வளவு என்று எந்திரத்தின் மேலேயே அட்டை ஒட்டியிருக்கிறது: நூற்றுக்கு முப்பத்தைந்து.

அந்த அட்டையை மூன்று வருஷமாகத் தினம் பார்க்கிறாள் சந்திரமதி. பார்க்கிறாள் என்றுதான் சொல்ல முடியும்.

"பம்புதான் போச்சு," என்றார் ஹரிஹரன். முதலாளி காலையிலேயே முகம் சிவந்து வந்து நின்றார். "நிமிஷத்துக்கு இருநூறு லிட்டர் தள்ள வேண்டிய பம்பு நூத்தி முப்பதுதான் தள்ளுது. போன மாசம் இதைக் கழட்டி மாட்டினது யாரு?"

கழற்றி மாட்டியவன் அங்கேயே நின்றான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருஷமாக இந்தத் துறைமுகத்தில் மோட்டார் வேலை பார்க்கும் ஒச்சப்பன். போன மாதம் பம்பின் சீலில் ஒழுக்கு இருந்தது, அதை மாற்றினான், மோட்டாருக்குக் கம்பியும் புதிதாகச் சுற்றினான்.

"சார், நான் சுத்தின மோட்டாரு எங்கிட்டும் மடங்கினதில்ல. என்னமோ வேற கோளாறு."

"வேற கோளாறா? நீ கைவச்ச பிறகுதானே வந்துச்சு? புது பம்புக்கு மெயின்லேண்டுக்குச் சொல்லியாச்சு. அது வரதுக்குள்ள மீன் நாறிச்சுன்னா, இந்த வார்ஃப்ல ஒரு கம்பெனியும் உன்னை கேட்டைத் தாண்டி உள்ள விடாது. நான் விட மாட்டேன்."

சொல்லிவிட்டு ஹரிஹரன் கன்டெய்னர் விஷயமாகக் கப்பல் ஆபீசுக்குப் போய்விட்டார். ஒச்சப்பன் பம்பின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவன் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு மெயின்லேண்டில் காலேஜ் சேர இருந்தது சந்திரமதிக்குத் தெரியும். அவனுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வாய் ஏதாவது சொல்லிற்றா? சொல்லவில்லை. அவள் வாய்க்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு.

அறை குளிரவில்லை என்றால் எல்லாரும் செய்வதை அவளும் செய்தாள். சில்லரை இன்னும் குளிர வைத்தாள். மைனஸ் ஆறை மைனஸ் ஒன்பது ஆக்கினாள். கலவை அதிகக் குளிராகப் போனால் அறை சீக்கிரம் இறங்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்குக்கு எதிராக மீட்டர் நூற்றி முப்பதிலிருந்து நூற்றிப் பதினைந்துக்கு வந்தது, பிறகு நூற்றி ஐந்து. பதினொரு மணிக்கு நூற்றுக்குக் கீழே போய், ஓட்டம் போதவில்லை என்று எந்திரம் தானே படக்கென்று நின்றது. அறைக்குள் எட்டிப் பார்த்தாள். காயிலில் குழாய் நுழைகிற முதல் வரிசைகளில் மட்டும் பனி பூத்திருந்தது, மீதியெல்லாம் வெறும் ஈரம்.

சில்லர் நின்றாலும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் வெயில் குழாய்களின் மேல் விழுந்தது. முக்கால் மணி நேரம் கழித்து ஒச்சப்பன்தான் கூப்பிட்டான்.

"தாயி, இங்கிட்டு வந்து பாரு. இப்ப நூத்தி எண்பது தள்ளுது."

"எப்படி?"

"அதான் எனக்கும் விளங்கல. பம்பு போச்சுன்னா, சூட்டுலயும் போயிருக்கணும், குளிர்லயும் போயிருக்கணும். இது என்னடான்னா குளிர்ந்தா நொண்டுது, சூடானா ஓடுது. உள்ள ஓடுறது தண்ணியா, இல்ல தேன்பாகா?"

சந்திரமதி நேரே ஸ்டோருக்குப் போய் ரிஜிஸ்டரை எடுத்தாள். கையெழுத்து எல்லாம் அவளுடையதுதான். 'கிளைக்கால் 20 லிட்டர் ஊற்றியது.' ஒரு மாதம் விட்டு மறுபடி, 'கிளைக்கால் 20 லிட்டர்.' சீல் ஒழுகிய மூன்று வருஷமும் குறைந்த அளவையெல்லாம் தண்ணீர் சேர்க்காத சுத்தக் கிளைக்காலாலேயே நிரப்பியிருக்கிறாள். எண்ணினாள், பதினேழு கேன். ஒழுகிப் போனது கலவை, உள்ளே போனது தனிக் கிளைக்கால். தண்ணீர் என்று ஒரு வரி கூட இல்லை.

இந்த ஊரில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படாது. கோடையில் முனிசிபல் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும், அதுவும் சட்டியும் பானையும் நிறையுமுன் நின்றுவிடும். கிளைக்கால் டிரம்மோ கப்பல் வரும்போதெல்லாம் நாலு ஐந்து இறங்கும், ஸ்டோரில் சும்மா கிடக்கும். தண்ணீர்தான் இங்கே அரிது. யார் கேட்டாலும் அதையே சொல்லலாம். சொன்னால் நம்புவார்கள். ஆனால் உண்மை அது இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கலவையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி ஸ்கூட்டி டிக்கியில் போட்டுக்கொண்டு சிப்பிகாட்டுக்குக் கிளம்பினாள். கிளைக்காலை அளக்கிற கருவி கிடங்கில் இல்லை. அது தம்பையாவின் சொந்தக் கருவி. வேலையை விட்டு அனுப்பியபோது எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தம்பையா மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிடங்கின் மெக்கானிக். அவள் அவனுக்குக் கீழே இருந்தாள். இருவரும் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். இருவரின் அப்பா அம்மாவும் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். சில்லர் தகடு பிளந்து, கிடங்கு ஆறு வாரம் மூடிக் கிடந்தபோது, பொறுப்பு அவனுடையது என்று ஹரிஹரன் அவனை அனுப்பினார். இப்போது சிப்பிகாட்டில் கேன் தண்ணீர் போடுகிறான். சொந்தமாக ஒரு ஆர்.ஓ. மெஷினும் ஒரு மினி லாரியும் இருக்கிறது. வழியில் எங்கே அந்த லாரியைப் பார்த்தாலும் சந்திரமதி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

தம்பையா கேன் கழுவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அடடே மதியா? க்யா பாத் ஹை, என்ன அதிசயம், வழி தெரிஞ்சுதா?"

விஷயத்தைச் சொன்னாள். பாட்டிலை நீட்டினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கருவியைக் கொண்டுவந்தான். சின்ன டார்ச் மாதிரி இருக்கும். ஒரு முனையில் கண்ணாடி, அதன் மேல் இரண்டு சொட்டு விட்டு மறுமுனையில் கண்ணை வைத்தால் உள்ளே கோடுகள் தெரியும். அவன் பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"நீயும் பாரு," என்று நீட்டினான். "என் கண்ணை நான் நம்புறதில்ல. இதுல ரெண்டு கோட்டு வரிசை இருக்கு, ஒவ்வொரு வகைக் கிளைக்காலுக்கும் ஒண்ணு. நம்ம மீன் கிடங்குக்குப் போடுறது வலது பக்கத்துது. வலது பக்கம் என்ன காட்டுது?"

"அம்பத்தெட்டு."

"அம்பத்தெட்டா?" அவன் சிரித்தேவிட்டான். "மைனஸ் நாற்பத்தஞ்சு வந்தாக்கூட உறையாது. ஹேடோவுல பனிக்கரடி வளக்கப் போறீங்களா? உறையாதுதான், ஆனா ஓடவும் ஓடாதே. குளிர்ல இது முப்பத்தஞ்சு கலவையை விட மூணு மடங்கு கெட்டி. பம்பு தள்ள மாட்டாம திணறும். காயிலுக்குள்ள கலங்கி ஓட வேண்டியது, சோம்பேறி மாதிரி வழுக்கிட்டுப் போகும், குழாய்ச் சுவத்துல இருந்து சூட்டை வாங்காது. போதாக்குறைக்குத் தண்ணி தூக்குற அளவுக்கு கிளைக்கால் சூட்டைத் தூக்கவும் தூக்காது. நீ இன்னும் குளிர வச்சிருப்பியே?"

"மைனஸ் ஒன்பது வச்சேன்."

"பின்ன? இன்னும் கெட்டியாயிருக்கும்." அவன் கருவியைத் துணியில் சுற்றினான். "மூணு வருஷத்துல யாரும் ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தலையா?"

"பயம்."

"என்ன பயம்? நான் பண்ணின தப்புக்கு நீ எதுக்கு மதி பயப்படணும்?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவனை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க என்ன தப்புப் பண்ணினீங்க?"

"அந்த மாசம் நான்தானே புதுசாக் கலக்கி ஊத்தினேன்? முப்பத்தஞ்சுன்னு பாத்துத்தான் ஊத்தினேன். அப்புறம் தகடு வெடிச்சுது. இடது கோட்டைப் பாத்துட்டு வலதுன்னு நினைச்சுட்டேன் போல. வேற எப்படி? ஜங்கிலிகாட் ஐஸ் கம்பெனிக்காரன் ரெண்டு தடவை வேலைக்குக் கூப்பிட்டான். வேணாம்னுட்டேன். ஒரு கோடு பாக்கத் தெரியாதவன் எதுக்கு எந்திரத்துல கைவைக்கணும்? தண்ணி வித்தா யாருக்கும் நஷ்டமில்ல."

அவன் இதைக் குறையாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வதுபோலச் சொன்னான். தனக்குப் பதிலாக இவன் பழியைச் சுமந்துகொண்டு போனான், உள்ளுக்குள் தன்னைச் சந்தேகப்பட்டிருப்பான் என்று மூன்று வருஷமாக அவள் நினைத்திருந்தாள். அவளைச் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் சந்தேகப்பட்டதெல்லாம் தன் கண்ணை.

"அண்ணே, உங்க கோடு சரிதான்," என்றாள். "நீங்க மாமனார் காரியத்துக்கு ரங்கத் போயிருந்தீங்க. மழையில ரோடு அடைச்சு நாலு நாள் வர முடியல. குழாய் ஜாயின்ட் ஒண்ணு விட்டுப்போச்சு. டாங்கு காலியாகுதுன்னு அலாரம் அடிச்சுட்டே இருந்துச்சு. புயல்ல கப்பல் வரல, ஸ்டோர்ல கிளைக்கால் இல்ல. நான் ஹோஸ் தண்ணியைப் பக்கெட்ல பிடிச்சு ஊத்தினேன். ஜாயின்டையும் நானே டைட் பண்ணிட்டேன். நீங்க வந்த அன்னிக்கு சாயங்காலம் வெடிச்சுது. ரிஜிஸ்டர்ல எழுதல. சார் கேட்டப்பவும் சொல்லல."

மெஷினிலிருந்து கேனில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கேன் நிரம்பி வழிந்தது, தம்பையா கவனிக்கவில்லை. தண்ணீர் இப்படி வீணாய்ப் போவதை அந்த ஊரில் யாரும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

"எத்தனை பக்கெட்?" என்று கேட்டான்.

"முப்பது இருக்கும்."

அவன் உதடு அசைந்தது, கணக்குப் போட்டான். "முப்பது பக்கெட்டு, நானூத்தி அம்பது லிட்டர். எண்ணூறு லிட்டர் லைனுக்கு... இருபதுக்கு வந்திருக்கும். இருபதுன்னா மைனஸ் ஏழெட்டுலயே உறைஞ்சுடும். ஆமா, வெடிக்கத்தான் செய்யும்." பிறகு எழுந்து குழாயை மூடினான். அவளைப் பார்க்காமலேயே கேட்டான், "இப்ப எவ்வளவு ஊத்தணும்னு கணக்குப் போட்டுப் பாத்தியா?"

"முந்நூத்தி இருபது எடுத்துட்டு, முந்நூத்தி இருபது தண்ணி."

"பதினாறு கேன். வண்டியில ஏத்து."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் அதைக்கூடத் தரவில்லை. கேன்களை ஏற்றினார்கள். அவன் லாரியை முன்னால் ஓட்ட, அவள் ஸ்கூட்டியில் அதன் பின்னாலேயே போனாள். குலுங்குகிற ஒவ்வொரு பள்ளத்திலும் கேன்கள் இடித்துக்கொண்டன.

கிடங்கில் மீன் மூன்று புள்ளி ஒன்று. ஒச்சப்பன் எங்கிருந்தோ ஐஸ் கொண்டுவந்து உடைத்து மீன் மேல் பரப்பிக்கொண்டிருந்தான். அவன் வேலை அது இல்லை, பெயர் கெட்டுப் போயிருந்த அன்றும் செய்தான்.

சந்திரமதி சில்லரின் கம்ப்ரசரை அணைத்தாள், பம்பை மட்டும் ஓட விட்டாள். புதுத் தண்ணீர் கலக்காமல் அப்படியே போய்க் குளிர்ந்த தகட்டில் மோதினால் மறுபடி அதே கதைதான். அடி வால்வைத் திறந்து, டாங்கு காலியாகிவிடாதபடி கொஞ்சம் எடுப்பதும் நிறுத்துவதுமாக, முந்நூற்றி இருபது லிட்டரை இரண்டு நீல டிரம்மில் பிடித்தார்கள். எடுக்க எடுக்க, டாங்கில் தண்ணீரை ஊற்ற வேண்டியவள் அவள். முதல் கேனைத் தூக்கினாள். டாங்கின் வாய் வரைக்கும் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றுவிட்டது. மூன்று வருஷமாக இந்த வாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழ விடாத கை அது.

"கம்ப்ரசர் ஓடல," என்றான் தம்பையா பின்னாலிருந்து. "ஊத்து."

ஊற்றினாள். இரண்டு, மூன்று, ஆறு. மேல்சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. பதினோராவது கேனில் ஹரிஹரனின் ஜீப் உள்ளே வந்தது.

அவர் இறங்கியதும் பார்த்தது சில்லர் நிற்பதை, தம்பையாவை, டாங்கின் மேல் கவிழ்ந்திருக்கிற தண்ணீர்க் கேனை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"தண்ணியா? மறுபடியும் தண்ணியா? இவனை யாரு உள்ள விட்டது? தம்பையா, ஒரு தடவை என் எந்திரத்தைக் கொன்னது போதாதா உனக்கு?"

தம்பையா வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் அப்படித்தான் நின்றான். ஒச்சப்பன் ஐஸ் சுத்தியலோடு வாசலில் நின்று பார்த்தான். சந்திரமதி கேனில் இருந்த கடைசித் தண்ணீரையும் டாங்கில் கவிழ்த்து, காலிக் கேனைக் கீழே வைத்தாள்.

"தண்ணி ஊத்தினது நான் சார். இன்னைக்கும் நான்தான், மூணு வருஷம் முன்னாடியும் நான்தான். தம்பையா அண்ணன் அப்ப ஊர்லயே இல்ல. அந்தப் பயத்துல இத்தனை நாளும் வெறும் கிளைக்காலா ஊத்தி, கெட்டியாக்கி, பம்பை மூச்சுத் திணற வச்சதும் நான்தான். ஒச்சப்பன் அண்ணன் மோட்டார்ல ஒரு குறையும் இல்ல. இன்னும் அஞ்சு கேன் பாக்கி இருக்கு. ஊத்திட்டு வந்து நிக்கிறேன், நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க."

ஹரிஹரன் டாங்கையும் பாக்கிக் கேன்களையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "மீன் எவ்வளவு?" என்றுதான் கேட்டார்.

"மூணு புள்ளி நாலு," என்றான் ஒச்சப்பன்.

"ஊத்து," என்றார் ஹரிஹரன்.

ஊற்றி முடித்து அரைமணி நேரம் பம்பைச் சுற்ற விட்டார்கள். கலக்க வேண்டும், அதற்குக் குறுக்கு வழி இல்லை. அந்த அரைமணியில் ஹரிஹரன் முற்றத்தில் நடந்தார், ஒச்சப்பன் மீட்டரைப் பார்த்தான், சந்திரமதி ரிஜிஸ்டரை விரித்து வைத்து எழுதினாள். முதலில் இன்றைய தேதி: கலவை 320 லிட்டர் எடுத்தது, தண்ணீர் 320 லிட்டர் ஊற்றியது. அதற்குக் கீழே மூன்று வருஷத்துக்கு முந்தைய நாலு தேதிகள்: தண்ணீர், சுமார் முப்பது பக்கெட். இரண்டுக்கும் நேரே தன் பெயரை எழுதினாள். மீன் மூன்று புள்ளி ஆறு ஆகியிருந்தது.

தம்பையா டாங்கிலிருந்து இரண்டு சொட்டு எடுத்தான். கருவியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணை வைத்தான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். சந்திரமதி தன்னையும் பார்க்கச் சொல்வான் என்று ஓர் அடி முன்னால் வந்தாள்.

அவன் நீட்டவில்லை.

"முப்பத்தஞ்சு," என்றான். "எந்திரத்தைப் போடு."

சந்திரமதி சில்லரை மறுபடி மைனஸ் ஆறில் வைத்துப் போட்டாள், கம்ப்ரசர் உறுமிக்கொண்டு கிளம்பியது. மைனஸ் ஆறுக்கு இறங்கும்வரை மீட்டரைவிட்டு யாரும் நகரவில்லை. இருநூற்றி இரண்டு, இருநூறு, நூற்றித் தொண்ணூற்றெட்டு. அங்கேயே நின்றது. உள்ளே காயில் முழுக்க ஒரே சீராகப் பனி பூக்க ஆரம்பித்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மீன் மூன்றுக்கு வந்தது, பொழுது சாயும்போது அறை ஒன்றுக்கு வந்தது.

ஹரிஹரன் ஒச்சப்பனின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார், மன்னிப்பு மாதிரிதான் இருந்தது. சந்திரமதியிடம் வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வியாழக்கிழமை சரக்கைக் கப்பல்ல ஏத்திவிடு. ஏத்தினதும் சாவியை ஆபீஸ்ல கொடுத்துடு."

"சரி சார்."

எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் கேட்டபோது வலித்தது. இனி அரிசி வாங்குவது எப்படி, வாடகை எப்படி என்று மனசு உடனே ஓட ஆரம்பித்தது, அதற்கு ஓய்வே கிடையாது.

தம்பையா காலிக் கேன்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவளும் போய் இரண்டு கேனைத் தூக்கிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான், ஆனால் மதி என்று கூப்பிடவில்லை. இனிமேல் கூப்பிடுவானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, அந்தக் கருவி," என்றாள். "வியாழக்கிழமை வரைக்கும் இங்க இருந்தா ஒருக்கா அளந்து பாத்துக்குவேன்."

"வியாழக்கிழமை காலையில நானே வந்து அளந்து தரேன்," என்றான் தம்பையா. கருவியைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "அதுக்கு மேல இது எனக்கு வேணும். ஜங்கிலிகாட்காரனுக்கு போன் பண்ணணும்."

வண்டியை எடுத்தான்.